வண்டிக்கும் ஒரு பங்கு

சென்னையில் ஒரு ஆட்டோவை இரண்டு பேர் சேர்ந்து வாங்கி ஓட்டுவது புதிதல்ல. ஒருவர் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, இன்னொருவர் மாலை ஆறிலிருந்து விடியும் வரை. முன்பணத்தை இருவரும் போடுவார்கள். ஃபைனான்ஸ், ஆர்.சி., பர்மிட் மூன்றும் ஒருவர் பெயரில் இருக்கும். டியூவை இருவரும் சேர்ந்து கட்டுவார்கள். வாய்ப்பேச்சிலேயே ஆரம்பித்து, வாய்ப்பேச்சிலேயே வருடக்கணக்கில் ஓடும். பிரியும்போதுதான் எழுத்து வேண்டியிருக்கிறது.

எங்கள் ஸ்டாண்டில் இப்படிப் பிரிகிறவர்களின் கணக்கு பெரும்பாலும் என் கைக்கு வரும். நானும் பல வருடம் கூட்டு வண்டி ஓட்டியவன், நோட்டு எழுதும் பழக்கம் உள்ளவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. இத்தனை கணக்கு பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பிரிகிற இருவரில் பெரும்பாலும் யாரும் ஏமாற்றுக்காரர் அல்ல. நாலு விதமான காசை ஒரே காசாக நினைத்துப் பேசுகிறார்கள். சண்டை அங்கிருந்துதான் வருகிறது.

சவாரியில் கிடைப்பது ஓட்டினவரின் உழைப்புக் காசு. ஒவ்வொரு ஷிப்டுக்கும் பொதுவில் போடுவது வண்டிக் காசு. வண்டி நின்றுபோன அவசரத்தில் ஒருவர் தன் பையிலிருந்து போட்டுச் செலவு செய்திருந்தால் அது கைக்காசு. ஆரம்பத்தில் வண்டி எடுக்கப் போட்டது முதல். இந்த நாலையும் கலக்காமல் வைத்தால் கணக்கில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

காசிமேட்டிலும் நம் கரையோரக் குப்பங்களிலும் பிடித்த மீனை விற்ற காசில் செலவு போக, ஆளுக்கு இவ்வளவு பங்கு என்பதோடு படகுக்கும் வலைக்கும் தனியாகப் பங்கு பிரிப்பார்கள். கூட்டு ஆட்டோவும் அப்படித்தான். ஓட்டுகிறவர் இரண்டு பேர் என்றாலும் பங்கு மூன்று. மூன்றாவது பங்கு வண்டியுடையது. டியூ, இன்ஷூரன்ஸ், எஃப்.சி., ஆயில், டயர் எல்லாவற்றையும் வண்டி தன் பங்கிலிருந்து கட்டிக்கொள்ள வேண்டும். பிரியும்போது வண்டியின் கையில் என்ன மிச்சம், அதற்கு என்ன கடன் என்று பார்ப்பதுதான் முழுக் கணக்கும்.

சமீபத்தில் முடித்த ஒரு கணக்கை அப்படியே சொல்கிறேன். புரிவதற்காகத் தொகைகளை மட்டும் முழு எண்ணாக்கியிருக்கிறேன். பகலில் ஓட்டியவர் வயதில் மூத்தவர், அவரைப் பெரியவர் என்கிறேன். இரவில் ஓட்டியவர் தம்பி. வண்டி புதிதாக எடுத்து ரோட்டுக்கு வரும்போது மொத்தம் 3,00,000 ரூபாய் ஆனது. முன்பணம் 80,000. அதில் பெரியவர் போட்டது 60,000, தம்பி போட்டது 20,000. மீதி 2,20,000 ஃபைனான்ஸ், மாதம் 7,300 வீதம் 42 டியூ. காகிதம் எல்லாம் பெரியவர் பெயரில். லாப நஷ்டம் சரிபாதி என்று பேச்சு. கேஸ் போட்டுக்கொள்வது அவரவர் பொறுப்பு, சவாரிக் காசு அவரவருக்கு. ஷிப்டுக்கு 200 ரூபாய் மட்டும் பொதுவில் போட வேண்டும். நாளுக்கு 400 சேரும். மாதம் 26 நாள் ஓடினால் 10,400. டியூ போக மூவாயிரத்துச் சொச்சம் சர்வீஸுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் நிற்கும். நல்ல ஏற்பாடுதான். 30 டியூ கட்டி முடித்த சமயத்தில் தம்பிக்கு அவருடைய மச்சான் ஒரு வண்டி எடுத்துக் கொடுக்க முன்வந்தார். மனஸ்தாபம் ஒன்றும் இல்லாத பிரிவு.

ஆனாலும் முதல் நாள் உட்கார்ந்தபோது இருவரும் சொன்ன தொகைகளுக்கு நடுவில் பெரிய பள்ளம். பெரியவர் சொன்னார்: “வண்டி என் பேர்ல இருக்கு. தம்பி போட்ட இருபதாயிரத்தைக் குடுத்துடறேன். மேல ஏதாச்சும் சேத்துக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கறேன்.” தம்பி சொன்னார்: “அண்ணே, முப்பது மாசம் டியூவுல பாதி நான் கட்டியிருக்கேன். அதுவே ஒரு லட்சத்துக்கு மேல ஆவுது. அதுக்கு என்ன கணக்கு?” இரண்டு பேச்சிலும் பாதி நியாயம் இருந்தது. ஆர்.சி.யில் பெயர் இருப்பது அரசாங்கத்துக்கும் ஃபைனான்ஸுக்கும் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைக் காட்டும். இருவருக்குள் பங்கு எவ்வளவு என்பதை அது தீர்மானிக்காது. அதேபோல, கட்டின டியூ அவ்வளவும் சேமிப்பாக எங்கேயோ நிற்கிறது என்று நினைப்பதும் சரியல்ல.

நான் முதலில் சவாரிக் காசைப் பிரித்து ஓரமாக வைத்தேன். முன்பெல்லாம் இந்த வேலையே இருந்ததில்லை, அவரவர் காசு அவரவர் பையில் இருந்தது. இப்போது வண்டியில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். ஸ்டிக்கர் யாருடைய கணக்கோ, எல்லாச் சவாரிக் காசும் அவருக்குப் போய்விடுகிறது. இந்த வண்டியில் பெரியவருடைய ஸ்டிக்கர்தான். இரவுச் சவாரிக்காரர்கள் போட்டதும் அவர் கணக்குக்கே போகும், ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். கடைசி வாரம் மட்டும் தீர்க்கவில்லை. போனில் பணம் வந்த நேரம் நிமிடக் கணக்கில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல், காலை ஆறு மணிக்கு முன் வந்ததை மட்டும் கூட்டினோம். 3,400 ரூபாய். அதைப் பெரியவர் அங்கேயே தம்பிக்கு அனுப்பினார். இந்தக் காசுக்கும் வண்டிக் கணக்குக்கும் தொடர்பு இல்லை. இதைக் கடைசியில் கழித்துக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லாத் தொகையையும் குழப்பிவிடும்.

அடுத்தது வண்டியின் விலை. இதில்தான் பாசமும் கோபமும் புகுந்து விளையாடும். விட்டுப் போகிறவருக்கு வண்டி தங்கமாகத் தெரியும், வைத்துக்கொள்கிறவருக்கு ஓட்டையாகத் தெரியும். ஒருவர் விலை சொல்வது, மற்றவர் அந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறாரா விட்டுக்கொடுக்கிறாரா என்று முடிவு செய்வது என்று ஒரு பழைய முறை உண்டு. கேட்க நியாயமாக இருக்கும். இருவர் கையிலும் காசு இருந்தால் நியாயம்தான். ஒருவரிடம் காசு இல்லை, பர்மிட்டும் அவர் பெயரில் இல்லை என்றால் அவரால் வாங்கவே முடியாது. அது தெரிந்தால் மற்றவர் குறைத்துத்தான் சொல்வார். ஆகவே வெளி விலைதான் நல்லது.

வெளி விலையையும் யாரிடம் கேட்கிறோம் என்பது முக்கியம். புதுப்பேட்டையில் உடைத்து விற்கிறவரிடம் கேட்டால் உடைக்கிற விலை வரும். ஓடுகிற வண்டிக்கு அது விலையாகாது. நாங்கள் மூன்று பேரிடம் கேட்டோம். புரோக்கர் 1,85,000 என்றார், வாங்கி விற்கிறவர் என்பதால் தன் லாபத்தைக் கழித்துத்தான் சொல்வார். பக்கத்து ஸ்டாண்டில் வண்டி தேடிக்கொண்டிருந்த ஒருவர் 2,05,000 வரை தருவதாகச் சொன்னார். வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் 2,10,000 போகும் என்றார். 2,00,000 என்று வைத்துக்கொள்ள இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

விலை பேசும்போது இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எஃப்.சி. இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது? ஆட்டோவுக்கு எட்டு வருடம் ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம் காட்ட வேண்டும். அடுத்த மாதம் எஃப்.சி. என்றால் டிங்கரிங், பெயின்ட், சீட், டாப் என்று வாங்குகிறவர் தலையில் ஒரு செலவு காத்திருக்கிறது, விலை குறையத்தான் வேண்டும். இந்த வண்டிக்கு முதல் எஃப்.சி. ஆறு மாதத்துக்கு முன்புதான் முடிந்தது. இன்ஷூரன்ஸும் பாதி வருடம் பாக்கி இருந்தது. தம்பி, “இன்ஷூரன்ஸ்ல பாதியைத் தனியா எனக்குக் கணக்கு வைக்கணும்” என்றார். எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் நடப்பில் இருக்கும் வண்டி என்று சொல்லித்தான் மூன்று பேரிடமும் விலை கேட்டோம். இரண்டு லட்சத்துக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. தனியாக எழுதினால் ஒரே காசை இரண்டு தடவை எண்ணியதாகும்.

அதற்கு அடுத்தது வெளிக் கடன். டியூ இன்னும் 12 பாக்கி. ஏழாயிரத்து முந்நூறை 12-ஆல் பெருக்கி 87,600 கடன் என்று பெரியவர் எழுதி வைத்திருந்தார். எல்லோரும் செய்வது இதுதான். ஆனால் அந்தத் தொகைக்குள் வரப்போகும் பன்னிரண்டு மாத வட்டி இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு மாதமும் வண்டி பெரியவர் ஒருவரிடம் மட்டுமே ஓடப்போகிறது. அந்த வட்டியில் பாதியைத் தம்பி ஏன் சுமக்க வேண்டும்? ஃபைனான்ஸில் கேட்டால், இன்றைய தேதிக்குக் கடனை முடிக்க எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார்கள். வாங்கிப் பார்த்தோம், 82,000. பெரியவர் அதைக் கட்டி முடிக்கலாம், மாதா மாதம் கட்டலாம், அது அவர் விருப்பம். பிரிகிற கணக்கில் ஏறுவது 82,000 மட்டும். மெக்கானிக்கிடம் 3,000 பாக்கி இருந்தது, அதையும் சேர்த்தோம்.

இனி வண்டிக் காசு. பொதுப் பணத்தில் கையில் இருந்தது 4,000. நோட்டைப் புரட்டினால் இரவுப் பக்கத்தில் 55 இடம் வெறுமையாக இருந்தது. தம்பிக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்திருந்த நாட்கள். அதில் 15 இரவு ஆக்டிங் டிரைவர் போட்டு ஓட்டியிருந்தார்கள், அவர் கொடுத்த காசு வரவில் இருந்தது. மீதி 40 இரவு வண்டி வீட்டு வாசலில் நின்றது. 40-க்கு 200 வீதம் 8,000.

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. “ஓடாத வண்டிக்கு நான் எதுக்குண்ணே காசு போடணும்?” என்றார். ஓடாத வண்டிக்கு கேஸ் வேண்டாம், ஆயில் வேண்டாம். ஆனால் டியூ தேதி நிற்காது, இன்ஷூரன்ஸ் நாள் நிற்காது. பொதுவில் போடும் 200-ல் பெரும்பகுதி அந்த நிற்காத செலவுக்குத்தான் போகிறது. இருந்தாலும் உடம்பு முடியாமல் படுத்தவரிடம் முழுதாக வாங்குவதா என்ற கேள்வி இருக்கிறது. சில கூட்டுகளில் பாதி வாங்குவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். இதில் என் அபிப்பிராயத்தை நான் சொல்லவில்லை. நோட்டை இன்னும் பின்னால் புரட்டினேன். பெரியவர் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போன நாட்களில் பகல் வண்டி ஓடவில்லை. ஆனால் அந்த நாட்களுக்கெல்லாம் 200 வரவு எழுதியிருந்தது. இவர்களுக்குள் வழக்கம் என்ன என்று அந்தப் பக்கமே சொல்லிவிட்டது. தம்பி பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். நியாயம் எது என்று பேச ஆரம்பிப்பதற்கு முன், அவர்கள் இதுவரை எப்படி நடந்துகொண்டார்கள் என்று தேடுவது பலன் தரும்.

கைக்காசில் பெரியவர் பக்கம் இன்ஜின் வேலைக்குப் போட்ட 14,000 இருந்தது, தம்பி பக்கம் டயர் மாற்றிய 6,000 இருந்தது. இரண்டுக்கும் பில் இருந்தது. இன்ஜின் பேச்சு வந்ததும் பெரியவர், “ராத்திரி வண்டி ஏர்போர்ட்டு, தாம்பரம்னு நீட்டா ஓடும். நான் ஸ்கூல் டிரிப்பும் மார்க்கெட்டும்தான். இன்ஜின் தேஞ்சது யாரால?” என்று கேட்டார். கேள்வி தவறில்லை. செலவுகளில் நாளைப் பொறுத்தவை சில, கிலோமீட்டரைப் பொறுத்தவை சில. டியூவும் இன்ஷூரன்ஸும் எஃப்.சி.யும் நாள் கணக்கு, அவற்றைச் சரிபாதி போடலாம். ஆயில், டயர், கிளட்ச் பிளேட், இன்ஜின் ஆகியவை ஓட்டத்தின் கணக்கு. அவற்றை யார் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்பதை வைத்துப் பிரிப்பதுதான் சரி. அதற்கு ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஓடோமீட்டரைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். இவர்கள் எழுதவில்லை. எழுதாத கிலோமீட்டரை இப்போது ஊகித்துப் பிரித்தால் அது கணக்கல்ல. அதோடு, பகல் ஓட்டம் குறைவு என்றாலும் நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஓடுகிற ஓட்டம். மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். ஆகவே பாதிப் பாதி.

இங்கே இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் ஓட்டும்போது கெட்டுப்போனது வேறு, அவரால் கெட்டுப்போனது வேறு. பிஸ்டன் ரிங் தேய்ந்து பல வாரமாகப் புகை விட்டுக்கொண்டிருந்த இன்ஜின், கடைசியில் ஒரு நாள் இரவு நின்றது. இரவு நின்றதால் அது இரவுக்காரர் செலவாகாது. ஆயில் குடிப்பது கூடிக்கொண்டே வந்ததை இருவரும் பார்த்திருக்கிறார்கள், மாதா மாதம் ஆயில் பில் ஏறியது நோட்டில் இருக்கிறது. மெல்லத் தேய்வது வண்டியின் செலவு. முன்னால் போன காரில் இடித்துக் கண்ணாடி உடைந்தால், சிக்னல் தாண்டி அபராதம் வந்தால், அது ஓட்டினவர் செலவு. இதைப் பொதுவில் ஏற்றக் கூடாது.

எல்லாம் தனித்தனியாகி நின்றபோது வரிசை மட்டும்தான் பாக்கி. முதலில் வெளியாருக்குக் கொடுக்க வேண்டிய கடன். பிறகு கூட்டாளிகள் போட்ட கைக்காசு. பிறகு அவரவர் போட்ட முதல். அதற்கும் மேல் மிஞ்சினால் லாபப் பங்கு. இது ஸ்டாண்டில் பெரியவர்கள் சொல்லித் தந்த வரிசை. 1932ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 48ஆம் பிரிவிலும் இதே வரிசைதான் இருக்கிறது என்பது வக்கீல் ஒருவர் காட்டிய பிறகு எனக்குத் தெரிந்தது. கூட்டாளிகள் வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை லாபமும் நஷ்டமும் சமம் என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. முதலுக்கு மேல் ஒருவர் போட்ட கைக்காசுக்கு வருடம் 6 சதவீத வட்டி கேட்கவும் அதில் இடம் உண்டு. இன்ஜின் வேலை முடிந்து எட்டு மாதம், வட்டி 560 ரூபாய். பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். வண்டி 2,00,000. ஃபைனான்ஸ் 82,000, மெக்கானிக் 3,000 போனால் 1,15,000. பொதுவில் கையிருப்பு 4,000, தம்பி போட வேண்டிய 8,000, இரண்டையும் சேர்த்தால் 1,27,000. கைக்காசு இருவருடையதும் 20,000, அது போனால் 1,07,000. முதல் 80,000 திரும்பினால் மிச்சம் 27,000. ஆளுக்கு 13,500.

பெரியவர் கணக்கில் கைக்காசு 14,000, முதல் 60,000, பங்கு 13,500, ஆக 87,500. தம்பி கணக்கில் கைக்காசு 6,000, முதல் 20,000, பங்கு 13,500, ஆக 39,500. அதில் அவர் போட வேண்டிய 8,000 போனால் 31,500. வண்டியும் கையிருப்பும் கடன்களும் பெரியவரிடமே நிற்பதால், அவர் தம்பிக்கு 31,500 கொடுத்தால் தீர்ந்தது.

தொகையைச் சொன்னதும் தம்பி முகம் வாடியது. “அப்போ நான் கட்டுன டியூ எங்கண்ணே போச்சு?” என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கையெழுத்து வாங்கினால், கணக்கு காகிதத்தில்தான் முடியும், அவர் மனசில் முடியாது. அதனால் அதே கணக்கை வேறு வழியாகப் போட்டுக் காட்டினேன்.

கடன் 2,20,000-ல் ஆரம்பித்து 82,000-க்கு வந்திருக்கிறது. ஆக, இருவரும் போட்ட வண்டிக் காசு 1,38,000 கடனைக் குறைத்திருக்கிறது. டியூவாகக் கட்டினதில் மீதி வட்டிக்குப் போயிற்று. ஆனால் இதே காலத்தில் 3,00,000 ரூபாய் வண்டி 2,00,000 ஆகிவிட்டது. அந்த ஒரு லட்சத்தை இருவரும் ஓட்டித் தேய்த்திருக்கிறார்கள். மாதத்துக்கு மூவாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல். நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டியிருந்தால் முதலாளிக்குக் கொடுத்திருப்பார்களே, அதில் ஒரு பங்கு இது. கடன் குறைந்த 1,38,000-ல் தேய்மானம் ஒரு லட்சம் போனால் 38,000. அதோடு கையிருப்பும் வர வேண்டியதும் 12,000 சேர்ந்தால் 50,000. மெக்கானிக் பாக்கி 3,000, கைக்காசு 20,000 போனால் 27,000. முதல் வழியில் வந்த அதே மிச்சம்.

தம்பி தன் போனில் தானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். இரண்டு வழியிலும் ஒரே தொகை வந்தால் கணக்கில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று பொருள். வராவிட்டால், கைக்காசை வெளிக் கடனோடு சேர்த்து இரண்டு தடவை கழித்திருப்பீர்கள், அல்லது வர வேண்டிய பாக்கியை வரவில் ஏற்றாமல் ஆளிடம் மட்டும் பிடித்திருப்பீர்கள். நான் பார்த்தவரை பிசகு இந்த இரண்டு இடத்தில்தான் ஒளிந்திருக்கும்.

தம்பிக்கு இன்னொரு வாதமும் இருந்தது. முதலைத் திருப்பாமல் வண்டியைச் சரிபாதி என்று வைத்தால் தன் பங்கு கூடுமே என்றார். கூடும்தான். ஆனால் பெரியவர் போட்ட அறுபதாயிரத்தில் இருபதாயிரத்தை அப்போது தம்பிக்கு இனாமாகக் கொடுத்ததாக ஆகிவிடும். லாபம் சரிபாதி என்று பேசியதில் முதல் சரிபாதி என்பது அடங்காது. அப்படி நினைத்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எண்பதாயிரம் போட்டதில் ஆளுக்கு நாற்பது, உன் பங்கில் இருபது கடன் என்று ஆரம்பத்திலேயே எழுதிக்கொண்ட கூட்டுகளும் உண்டு. அங்கே கணக்கு வேறு மாதிரி போகும்.

பெரியவர் கையில் 31,500 ரொக்கமாக இல்லை. அன்றைக்கு 20,000, அடுத்த மாதம் பத்தாம் தேதி 9,500 என்று தவணை எழுதினோம். மீதி 2,000 ரூபாயை ஸ்டாண்ட் தலைவரிடம் இரண்டு மாதம் நிறுத்தி வைத்தோம். இந்த நிறுத்தி வைப்பை யாரும் அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போலீஸ் கேமராவில் விழுந்த அபராதம் உடனே தெரிவதில்லை, வாரங்கள் கழித்துக்கூட ஆர்.சி. பெயருக்கு வரும். echallan.parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அன்றைய பாக்கியைப் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய நாட்களுக்கு இனிமேல் வரக்கூடியதுதான் கவலை. செலானில் தேதியும் நேரமும் இருக்கும் என்பதால் யாருடைய ஷிப்ட் என்பதில் சந்தேகம் வராது.

இதைவிடப் பெரிய வால் ஒன்று உண்டு, இரண்டாயிரம் நிறுத்தி வைத்தால் அது தீராது. வண்டி யாரையாவது இடித்திருந்தால், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம். நோட்டீஸ் ஆர்.சி.யில் இருப்பவர் பெயருக்கு வரும். ஓட்டினவரிடம் செல்லத்தக்க லைசென்ஸும் வண்டிக்கு இன்ஷூரன்ஸும் இருந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் எழுதும் காகிதத்தில் ஒரு வரி கட்டாயம் சேர்ப்பேன்: இந்தத் தேதி வரை என் ஷிப்டில் யாருக்கும் காயம் படும்படியான விபத்து நடக்கவில்லை, நடந்திருந்தால் அது இது. தம்பியின் லைசென்ஸ் நகலும் அதோடு சேர்த்துப் பின் அடிக்கப்பட்டது.

இந்தக் கணக்கில் வண்டி ஆர்.சி.க்காரரிடமே நின்றதால் காகித வேலை குறைவு. தம்பி எடுத்துக்கொள்வதாக இருந்தால் கதை வேறு. படிவம் 29, படிவம் 30 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். ஃபைனான்ஸ் முடிந்து என்.ஓ.சி. வந்தால்தான் படிவம் 35 கொடுத்து ஹெச்.பி.யை நீக்க முடியும். பர்மிட்டை ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அடுத்தவர் பெயருக்குக் கொடுக்க முடியாது. பெயர் மாறாமல் வண்டியை மட்டும் கொடுத்துவிட்டு, ‘நீயே டியூ கட்டிக்கோ’ என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். விற்றுவிட்டேன் என்று சொன்னாலும் ஆர்.சி.யில் பெயர் இருக்கும்வரை விபத்துக்கு அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் பெயர் மாறுகிற வரைக்கும் கடைசித் தவணையை வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்பேன்.

காகிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகவில்லை. மேலே சொன்ன வரிசையில் தொகைகள், தவணைத் தேதி, விபத்து வரி. இரண்டு நகல். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ரசீது என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டித் தம்பி கையெழுத்துப் போட்டார். இருவர் சாட்சி. கூட்டு முடிந்த தேதியைத் தனி வரியில் எழுதச் சொன்னேன். பின்னால் தகராறு வந்து நீதிமன்றத்தில் கணக்குக் கேட்பதானால் மூன்று வருடக் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். அன்று மாலை இருவரும் கேஸ் பங்க்குக்குப் போய் நிரப்பினார்கள். வண்டி எடுத்த அன்று நிரப்பித்தான் ஆரம்பித்தார்கள், நிரப்பித்தான் விட வேண்டும். தம்பி தன் சவாரி ஆப்பிலிருந்து இந்த வண்டி எண்ணை நீக்கினார். அதை விட்டிருந்தால் தம்பி பெயரில் புக் ஆன சவாரியில் பெரியவர் வண்டி எண் தெரியும், ஏதாவது ஒன்று என்றால் புகார் தவறான வாசலுக்குப் போகும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செலான் வந்திருந்தது. ஐந்நூறு ரூபாய், நேரம் இரவு ஒன்று பத்து, தேதி பிரிவதற்கு நாலு நாள் முன். தலைவர் அதைக் கட்டிவிட்டு மீதி 1,500-ஐத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி செலானை வாங்கிப் பார்த்து, “நந்தனம் சிக்னல், என்னுதுதாண்ணே” என்றார். இரண்டு நகலிலும் அந்த 500-ஐ எழுதி, கணக்கு நேர் என்று போட்டுக் கையெழுத்து வாங்கினேன்.

இப்போது தம்பி தன் வண்டிக்கு இரவு ஷிப்டுக்கு ஒரு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். என்னிடம் ஒரு புது நோட்டைக் கொண்டுவந்து முதல் பக்கத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். யார் எவ்வளவு முதல், ஷிப்டுக்கு எவ்வளவு வண்டிக் காசு, வண்டி நின்றால் அந்தக் காசு உண்டா இல்லையா, பிரிந்தால் விலை யாரிடம் கேட்பது. இந்த நாலையும் எழுதச் சொன்னேன். ஐந்தாவதாக அவரே ஒரு கோடு போட்டு, ஷிப்ட் மாறும்போது கிலோமீட்டர் என்று எழுதிக்கொண்டார்.